சந்துக்கு ஆசிரியரின் பெயர்: நகராட்சிக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் நகராட்சியில் மார்க்கெட் தெருவிலிருந்து பிரியும் முட்டுச்சந்தில் 22 வீடுகள் இருக்கின்றன. சந்துக்குத் தனியாகப் பெயர் இல்லை. ரிட்டயர்டான பிறகும் கடைசி வரை வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் இங்கேதான் வாழ்ந்தார். போன வருடம் காலமானார். சந்துக்கு அவர் பெயரை வைக்க யாருக்கு, எப்படி மனு எழுத வேண்டும்?

பதில்: இப்படி வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் பேசிவிட்டு, சந்தைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. மனு நகர்மன்றத்துக்குப் போவதற்கு முன்னால் அலுவலகத்தில் ஒருவர் அதற்குக் குறிப்பு எழுத வேண்டும். ஆசிரியர் நல்லவரா என்று அவர் பார்க்கப் போவதில்லை. இந்தச் சந்து எது, நகராட்சிக்குச் சொந்தமா, ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். மனுவில் இதற்கு விடை இல்லையென்றால் அது ‘விவரம் கோரி’ என்ற குறிப்போடு மேசையிலேயே கிடக்கும். அதனால் முதலில் சந்தின் விவரத்தைத் திரட்டுங்கள்.

அது பொதுத் தெருதானா என்பதை உறுதி செய்யுங்கள். நகர நிலஅளவைப் பதிவேட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் வார்டு, பிளாக், நகர அளவை எண் உண்டு. சந்தின் எண்ணைக் கண்டுபிடித்து அதன் நகலை எடுங்கள். eservices.tn.gov.in தளத்திலும் பார்க்கலாம். அது நகராட்சித் தெரு என்றோ அரசுப் புறம்போக்கு என்றோ பதிவாகியிருந்தால் நல்லது. தனியார் பெயரில் இருந்தால் கவனம் தேவை. மனைப்பிரிவு போட்டவர் பாதையை நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் பெயர் கேட்பதற்கு முன்னால் அதைச் சரிசெய்தாக வேண்டும். நகராட்சி தெருவிளக்கும் சாக்கடையும் போட்டுப் பராமரிக்கிறது என்பது உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் அது மட்டுமே உரிமையை நிரூபிக்காது.

அடுத்து, சந்துக்கு உண்மையிலேயே பெயர் இல்லையா என்று பாருங்கள். நாம் பெயர் இல்லை என்று நினைப்போம், நகராட்சிப் பதிவேட்டில் ‘மார்க்கெட் 2வது சந்து’ என்று ஏதாவது இருக்கும். நான்கைந்து வீடுகளின் சொத்துவரி ரசீதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா ரசீதிலும் வெறும் ‘மார்க்கெட் தெரு’ என்றே இருந்தால், நீங்கள் கேட்பது பெயரில்லாத சந்துக்குப் புதுப் பெயர். தனிப் பெயர் இருந்தால், நீங்கள் கேட்பது பெயர் மாற்றம். இரண்டும் ஒன்றல்ல. இருக்கிற பெயரை மாற்ற மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, அரசின் ஒப்புதலும் வேண்டும். சென்னையில் நடிகர் விவேக் பெயரில் 2022இலும், பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயரில் 2024இலும் சாலைகளுக்குப் பெயர் சூட்டியபோதும் அரசு அளவில் முடிவெடுத்துத்தான் செய்தார்கள். உங்களுடையது மாற்றம் என்றால், தீர்மானத்தை அரசுக்கு அனுப்பிவைக்கும்படியும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். மாதங்கள் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் கையெழுத்து. எண்ணிக்கையைவிட, யாரும் விடுபடவில்லை என்பதுதான் முக்கியம். நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து ‘அந்தச் சந்தில் ஒரு வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை’ என்று சொன்னால் பொருள் ஒத்திவைக்கப்பட்டுவிடலாம். ஊர் முழுக்க வாங்கிய 500 கையெழுத்தால் அப்போது பயனில்லை. 22 கதவு எண்ணையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உரிமையாளர் பெயர், வரிவிதிப்பு எண், கையெழுத்து என்று ஒரு தாள் தயாரியுங்கள். வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடட்டும். முகவரி மாறுமே என்று தயங்குபவரிடம், பட்டா அளவை எண்ணை வைத்து இருக்கிறது, பெயர் மாறினால் நிலத்துக்கு எதுவும் ஆகாது என்று சொல்லுங்கள். ஆசிரியரின் குடும்பத்தாரிடமும் தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். இதை மறந்துபோகிறவர்கள் நிறைய.

பெயரை எப்படி எழுதுவது என்பதையும் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். சாதிப் பின்னொட்டு வேண்டாம். தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. அதோடு, பலகையில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். பட்டங்களை எல்லாம் சேர்த்தால் மக்கள் வாயில் நுழையாது. ‘ஆசிரியர்’ என்ற சொல், அதன்பின் பெயர், போதும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பலகை எழுதுபவர் தன் விருப்பத்துக்கு எழுதிவிடுவார்.

மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, நகர்மன்றத் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நகல் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி அமையலாம்:

பெறுநர்: ஆணையர் அவர்கள், … நகராட்சி.

பொருள்: … வார்டு, மார்க்கெட் தெருவிலிருந்து கிழக்கே பிரியும் பெயரில்லாத சந்துக்கு ‘ஆசிரியர் … சந்து’ எனப் பெயர் சூட்டக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

மேற்கண்ட சந்து, நகர அளவை வார்டு …, பிளாக் …, எண் …-இல் உள்ளது. நகராட்சிப் பராமரிப்பில் உள்ள இதில் 22 வீடுகள் உள்ளன. வரிப் பதிவேட்டில் இதற்குத் தனிப் பெயர் இல்லாததால் தபாலும் ஆம்புலன்சும் மார்க்கெட் தெருவில் தேடி அலைய நேர்கிறது.

இச்சந்தில் கதவு எண் …-இல் வாழ்ந்து மறைந்த ஆசிரியர் …, … பள்ளியில் … முதல் … வரை கணித ஆசிரியராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப் பிறகும் தம் வீட்டிலேயே கட்டணமின்றிக் கற்பித்தார். அனைத்து வீட்டு உரிமையாளர்களும் ஆசிரியரின் குடும்பத்தாரும் சம்மதித்துள்ளனர்.

எனவே, இதை வரும் நகர்மன்றக் கூட்டத்தில் பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றவும், பெயர்ப் பலகை வைக்கவும், வரிப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு, …

இணைப்பு: நிலஅளவைப் பதிவேட்டு நகல், சந்தின் வரைபடம், வரி ரசீது நகல்கள், சம்மதத் தாள், குடும்பத்தாரின் கடிதம், பள்ளி தந்த பணிச் சான்று.

பணிச் சான்றைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று அதில் இருந்தால், யாரும் கேள்வி கேட்க முடியாது. மனுவில் கட்சி, அமைப்பு, பெரிய மனிதர் பெயர் எதுவும் வேண்டாம். மன்றத்தில் எல்லாக் கட்சியினரும் கை தூக்க வேண்டிய விஷயம் இது. சிலையோ அலங்கார வளைவோ சேர்த்துக் கேட்காதீர்கள். அவற்றுக்கு வேறு அனுமதிகள் வேண்டும், இதுவும் சேர்ந்து தேங்கிவிடும்.

மனுவை நகராட்சி அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் நாள் முத்திரை வாங்குங்கள். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் இதைப் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், கவுன்சிலருக்கு அது கைகொடுக்கும். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் வந்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் முத்திரை நாளைக் குறிப்பிட்டு, மனுவின் நிலையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் எண், நாள் போட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலகை வந்துவிட்டது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். வரிப் பதிவேட்டில் ஏறாத பெயர், பலகை துருப்பிடித்ததும் போய்விடும். அடுத்த அரையாண்டு வரி ரசீதில் புதுப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் தீர்மான நகலோடு வருவாய்ப் பிரிவில் எழுதிக் கொடுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும், உங்களுக்குத் தபால் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கும் அதே நகலோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.