சின்ஸா ஃபாரா? நம்ம வாய்லயே விடை இருக்கு

அக்கா வணக்கம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். பையருக்கு மெயில்ல "வீ ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் அப்ரூவல் சின்ஸ் டென் டேஸ்"னு எழுதினேன். மேனேஜர் சின்ஸை அடிச்சுட்டு ஃபார் போட்டார், ஆர்-ஐ அடிச்சுட்டு ஹேவ் பீன் போட்டார். போன மாசம் "சின்ஸ் மண்டே"னு எழுதினப்போ சின்ஸை அப்படியே விட்டுட்டார், ஆனா அப்பவும் ஹேவ் பீன்னு மாத்தினார். குறிப்பிட்ட நேரம்னா சின்ஸ், கால அளவுன்னா ஃபார்னு ஸ்கூல்ல படிச்சது மனப்பாடமா தெரியும், எழுதறப்போதான் மாறிடுது. டென்ஸ் சுத்தமா புரியல. அனுப்பறதுக்கு முன்னாடி எப்படி செக் பண்றது?

— ஒரு வாசகி

வணக்கம்மா. அந்த ரூலை ஒரு ஓரமா வெச்சிடுங்க, அதைவிட நல்ல ரூல் உங்க வாய்லயே இருக்கு. "பத்து நாளா வெயிட் பண்றோம்"னு சொல்வீங்க, "திங்கக்கிழமைலேர்ந்து வெயிட் பண்றோம்"னு சொல்வீங்க. என்னைக்காவது "பத்து நாள்லேர்ந்து வெயிட் பண்றோம்"னோ "திங்கக்கிழமையா வெயிட் பண்றோம்"னோ சொல்லியிருக்கீங்களா? பொதுவா யாரும் சொல்றதில்ல. நாளா, மாசமா, வருஷமா, ரொம்ப நேரமான்னு "ஆ"ல முடிஞ்சா ஃபார், லேர்ந்துன்னு முடிஞ்சா சின்ஸ். காலைலேர்ந்து, நேத்துலேர்ந்து, சின்ன வயசுலேர்ந்து எல்லாமே சின்ஸ்தான். ரொம்ப நாளான்னா ஃபார் எ லாங் டைம், அதனால நிறைய பேர் எழுதற "சின்ஸ் லாங் டைம்" தப்பு.

எனக்குத் தெரிஞ்சு இதுல அதிகம் பேர் வழுக்கற இடம் "லாஸ்ட்"ங்கற வார்த்தை. "சின்ஸ் லாஸ்ட் மண்டே" சரி, அதைப் பாத்துட்டு "சின்ஸ் லாஸ்ட் டென் டேஸ்"னு எழுதிடறாங்க, லாஸ்ட்னு வந்ததும் ஏதோ ஒரு குறிப்பிட்ட நாள் மாதிரி தோணிடுது. தமிழ்ல சொல்லிப் பாருங்க, போன திங்கக்கிழமைலேர்ந்து, ஆனா கடந்த பத்து நாளா. அப்போ ரெண்டாவது "ஃபார் தி லாஸ்ட் டென் டேஸ்". இன்னொண்ணு, லேர்ந்துக்கு இங்கிலீஷ்ல ஃப்ரம்னும் வரும். பக்கத்துல "வரைக்கும்" இருந்தா, ஒன்பது மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்ங்கற மாதிரி, அங்க ஃப்ரம். ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டே இருக்குன்னா சின்ஸ்.

இது வரைக்கும் தமிழ் நமக்கு உதவி பண்ணுது, டென்ஸ்லதான் காலை வாருது. நாம "பத்து நாளா வெயிட் பண்றோம்"னு நிகழ்காலத்துல சொல்றோம், அதை அப்படியே எடுத்துட்டுப் போய் "வீ ஆர் வெயிட்டிங்"னு போட்டுடறோம். முன்னாடியே ஆரம்பிச்சு இந்த நிமிஷம் வரைக்கும் நீளுதுன்னு காட்டறதுக்கு இங்கிலீஷ்ல தனியா ஒரு வடிவம் இருக்கு, அதுதான் ஹேவ் பீன் வெயிட்டிங். அதனாலதான் உங்க மேனேஜர் ரெண்டு தடவையும் ஹேவ் பீன்னு மாத்தினார். சின்ஸா ஃபாரான்னு மாறலாம், ஆனா ரெண்டு தடவையும் வெயிட்டிங் அந்த நிமிஷம் வரைக்கும் நீண்டுட்டுதான் இருந்துச்சு.

இப்போ டென்ஸ் செக். ஃபார் வந்தா ஹேவ் வரும்னு மட்டும் மனப்பாடம் பண்ணிடாதீங்க, ஃபார் எல்லா டென்ஸோடவும் போகும், எதோட போகுதுங்கறதையும் அந்த ஒரு "ஆ"வே காட்டிக்குடுக்குது. "அஞ்சு வருஷமா மதுரைல இருக்கேன்", இன்னும் அங்கதான் இருக்கேன், ஐ ஹேவ் லிவ்ட் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ். "அஞ்சு வருஷம் மதுரைல இருந்தேன்", ஆ போயிடுச்சு, வருஷம்னு மொட்டையா நிக்குது, அந்தக் கதை முடிஞ்சுபோச்சு, இப்போ வேற ஊர்ல இருக்கேன், ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஹேவ் கிடையாது. "ரெண்டு வாரம் மதுரைல இருப்பேன்", அது ஐ வில் பி இன் மதுரை ஃபார் டூ வீக்ஸ். மூணுலயும் அதே ஃபார்தான். பேச்சுல சில பேர் முடிஞ்சுபோன விஷயத்துக்கும் "அஞ்சு வருஷமா இருந்தேன்"னு சொல்வாங்க, அதனால சந்தேகம் வந்தா "இன்னும்தான்"னு கடைசில சேர்த்துப் பாருங்க. பொருந்தினா ஹேவ், பொருந்தலன்னா பாஸ்ட்.

இதுல தப்பு பண்ணினா வெறும் இலக்கணப் பிழையோட போகாது, அர்த்தமே மாறிடும். நான் இங்கிலாந்துல வாடகைக்கு இருந்தப்போ மேல் வீட்டுக்கு வந்த ஒருத்தர் எவ்வளவு நாளா இருக்கீங்கன்னு கேட்டார், வந்து மூணு மாசம் ஆயிருந்துச்சு, "ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ மந்த்ஸ்"னு சொன்னேன். அப்போ எப்போ ஊருக்குக் கிளம்பறீங்கன்னு கேட்டார். ஆம்-மோட ஃபார் போட்டா மொத்தமே மூணு மாசத்துக்குத்தான் வந்திருக்கேன்னு அவங்களுக்குப் புரியும். நான் சொல்லியிருக்க வேண்டியது ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ மந்த்ஸ். பையர் கிட்ட பேசறப்போ இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

சின்ஸ்ல ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. லேர்ந்துக்குப் பின்னாடி ஒரு முழு சம்பவமே வரும், "நான் சேர்ந்ததுலேர்ந்து". அந்த சம்பவம் நடந்து முடிஞ்சது, அதனால சின்ஸ் பக்கத்துல சிம்பிள் பாஸ்ட், மெயின் வாக்கியத்துல மட்டும் ஹேவ்: ஐ ஹேவ் ஹேண்டில்டு திஸ் பையர் சின்ஸ் ஐ ஜாயின்ட். ஹேவ் ரெண்டு பக்கமும் வேணாம். அப்புறம் "காலைலேர்ந்து சாப்பிடல". நம்ம "சாப்பிடல" ரெண்டு வேலை பாக்குது, நேத்து சாப்பிடலன்னாலும் அதே, இன்னும் சாப்பிடலன்னாலும் அதே. அதனாலதான் "ஐ டிட்ன்ட் ஈட் சின்ஸ் மார்னிங்"னு வந்துடுது. லேர்ந்து இருந்தா ஹேவன்ட்: ஐ ஹேவன்ட் ஈட்டன் சின்ஸ் திஸ் மார்னிங். அதே மாதிரி "பத்து வருஷமா தெரியும்"ங்கறதுக்கு ஹேவ் நோன், ஹேவ் பீன் நோயிங் இல்ல, தெரியறது ஒரு நிலை, அதுக்கு பீன்னும் ஐஎன்ஜியும் ஒட்டாது.

இப்போ உங்க மெயிலுக்கு வருவோம். கலர் சரியான்னு பாக்கற சாயத் துணி சாம்பிளான லேப் டிப்பை ஜூன் 3 அன்னைக்கு கூரியர்ல அனுப்பினீங்க, இன்னைக்கு 13-ன்னு வெச்சுக்குவோம். அனுப்பினது ஒரு நாள்ல முடிஞ்ச காரியம், அதுக்கு லேர்ந்தும் வராது ஆ-வும் வராது, தேதிக்கு முன்னாடி இங்கிலீஷ் "ஆன்" போட்டு பாஸ்ட்ல எழுதினா போதும்: வீ சென்ட் தி லேப் டிப்ஸ் ஆன் 3 ஜூன். காத்திருக்கறதுதான் இன்னும் ஓடிட்டிருக்கு: வீ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் அப்ரூவல் சின்ஸ் தென். பத்து நாளான்னே சொல்லணும்னா ஃபார் டென் டேஸ் நவ். அந்த வாக்கியத்துல ஏற்கனவே அப்ரூவலுக்கு ஒரு ஃபார் இருக்கு, ரெண்டாவது ஃபாரைப் பாத்து பயந்துதான் சில பேர் சின்ஸ்னு மாத்தறாங்க, மாத்தாதீங்க, முதல் ஃபார் எதுக்காகன்னு சொல்லுது, ரெண்டாவது எவ்வளவு நாளான்னு சொல்லுது. நானா இருந்தா "சின்ஸ் தென்"னுதான் அனுப்புவேன், தேதி கண்ணு முன்னாடி நிக்கும், எத்தனை நாள் ஆச்சுன்னு பையரே எண்ணிப்பார்.