ஊட்டச்சத்துக் குறைபாடு: தர மேம்பாட்டு அறிக்கை எழுதும் முறை

மருத்துவமனையில் ஊட்டச்சத்துக் குறைபாட்டுப் பராமரிப்பு குறித்த தர மேம்பாட்டு அறிக்கையை எப்படி எழுதுவது?

ஒரு பராமரிப்பு முறை முன்பு எப்படி நடந்தது, அதில் எதை மாற்றினோம், அதனால் நோயாளிக்கு என்ன பலன் கிடைத்தது என்பதை அளவீடுகளோடு காட்டுவதே இந்த அறிக்கை. மீட்டரைக் குறித்துக்கொள்ளாமல் வண்டியின் மைலேஜைக் கணக்கிட முடியாததைப் போல, மாற்றத்துக்கு முந்தைய அடிப்படைத் தரவு இல்லாமல் முன்னேற்றத்தை நிறுவ முடியாது.

எடுத்துக்காட்டாக, 40 கேஸ் ஷீட்டுகளில் 16-இல் மட்டுமே, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் எடை பதிவாகியிருந்தால், அடிப்படை அளவு 40 சதவீதம். வார்டிலேயே எடைக்கருவி வைத்த தேதியைக் குறித்து, அதே அளவை வாராவாரம் வரைபடத்தில் இடுங்கள். இது செயல்முறை அளவு மட்டுமே. மருத்துவமனையில் இருந்த நாட்களில் எடை இழப்பு குறைந்ததா என்பதே விளைவு அளவு, அதைத் தனியாகக் காட்டுவது அவசியம்.

குறைபாடுள்ளவர்களின் எண்ணிக்கை கூடினால் திட்டம் தோற்றதாகப் பலர் கருதுகிறார்கள். முன்பு கண்டறியப்படாதவர்கள் இப்போது கணக்கில் வருவதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.