கவுன்சிலிங் போகலாம் என்று கணவருக்குக் கடிதம்

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம், வாராவாரம் சண்டை. நேரில் பேசினால் அதுவும் சண்டைதான். கவுன்சிலிங் போகலாம் என்று கடிதமாக எழுதினால் சரிவருமா?

சரிவரும். ஆனால் பழைய கணக்கையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். "எப்பவுமே இப்படித்தான்" என்ற வரியைப் பார்த்ததும் அவர் மனசு பதிலடி தேட ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு சண்டையை எடுத்து, உங்கள் பங்கையும் சேர்த்து எழுதுங்கள். இந்த மாதிரி:

"வியாழக்கிழமை நீங்க சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டி ஒன்பதரைக்கு வந்தீங்க. சாப்பிட விடாம ஊருக்குப் பணம் அனுப்பின பேச்சை எடுத்தேன், அது என் தப்பு. நீங்க கதவைச் சாத்தினதும் தனியா விட்ட மாதிரி இருந்துச்சு. நமக்கு நடுவுல ஒருத்தர் உட்கார்ந்து கேட்டா நல்லதுன்னு தோணுது. மூணு தடவை மட்டும் போய்ப் பார்ப்போம். யாருன்னு நீங்களே பாருங்க."

கடைசி இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது. 'மூணு தடவை' என்றால் முடிவு தெரிகிறது. தேர்வும் அவர் கையில் இருப்பதால், 'உன் பக்க ஆள்' என்ற சந்தேகம் எழாது. பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்ப மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் தமிழில் பேச முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கோபத்தை ஆங்கிலத்தில் சொல்வது சிரமம்.

சண்டையில் கை நீட்டுபவர் என்றால் இந்தக் கடிதம் வேண்டாம். ஜோடியாக உட்கார்ந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழலாம். அப்போது தனியாகப் போய்ப் பாருங்கள், பெண்கள் உதவி எண் 181-க்கும் அழைக்கலாம்.