டயப்பர் கேலியும் தூங்காத இரவுகளும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். டயப்பரை முன்பின்னாக மாட்டி மெத்தை நனைந்தது, சாப்பிடும்போதே தூங்கி விழுந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். ஒரு வாரமாகப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். விளையாட்டுக்குச் சொல்வது தப்பா?

பெயர் வேண்டாம், கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வாரங்களில் நீங்கள் கேலி செய்ததில் தப்பில்லை. இருட்டில், அரைத் தூக்கத்தில் யார் மாட்டினாலும் டயப்பர் திரும்பித்தான் போகும். ஆனால் இப்போது நிறுத்திவிடுங்கள். அவள் எழுந்து போவதைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். பத்தே கேள்விகள். இன்றும் பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் முதல் கேள்வியே சிரிப்பைப் பற்றியது: கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா, எப்போதும்போல வேடிக்கையை ரசிக்க முடிந்ததா? உங்கள் தங்கையிடம் நீங்கள் பார்த்த மாற்றம் அதுதான்.

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது வாரத்தில் சிரிப்பு நின்றால் விசாரிக்க வேண்டும். தனியாக இருக்கும்போது, “குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?” என்று கேளுங்கள். வெறும் அசதி என்றால் தலை சாய்த்ததும் தூங்கிவிடுவாள். குழந்தை தூங்கியும், பக்கத்தில் ஆள் இருந்தும், இவள் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, அந்தப் பயத்தில் தள்ளிப்போட வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

அப்புறம், இன்று ராத்திரியே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் அவளுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பால் கொடுப்பது மட்டும் அவள் வேலையாக இருக்கட்டும். கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, டயப்பர் மாற்றித் தூங்கவைப்பது உங்கள் வேலை. ஒட்டும் பட்டை உள்ள பக்கம் முதுகுக்குக் கீழே வர வேண்டும், மேல் விளிம்பு தொப்புளுக்குக் கீழே மடங்கட்டும். இதனால் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அரைமணி நேரமாவது கூடுதலாகத் தூங்கக் கிடைக்கும். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள், அவள் சொல்லமாட்டாள்.

அவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வீட்டாரையே சந்தேகப்பட்டாலோ, துளியும் தூங்காமல் பரபரவென்று இருந்தாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.