"சத்தியமா ஞாபகம் இல்லை" என்று அவர் சொல்வது பொய்யா?

*"நாங்க தங்கச்சிமடம். என் வீட்டுக்காரருக்கு 36 வயசு, விசைப்படகில் தொழிலுக்குப் போறவர். கடலுக்குப் போகாத நாளில் குடிப்பார். போன வாரம் ராத்திரி பைக் ஓட்டி வந்து, மீன்குழம்பு ஊத்திச் சாப்பிட்டு, பாப்பா காதுகுத்துக்கு வச்சிருந்த பணத்தை எடுத்து எங்கேயோ வச்சுட்டுப் படுத்தார். தள்ளாடக்கூட இல்லை. காலையில் கேட்டால் 'நான் எடுக்கவே இல்லை'ன்னு பிள்ளை மேல சத்தியம் பண்றார். மூணு நாள் கழிச்சு பழைய வலைக்கு அடியில் கிடைச்சது. இப்படி ஆகுறது மூணாவது தடவை. பொய் சொல்றாரா, மூளையில் ஏதும் கோளாறா?"*

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன், சகோதரி. அந்தப் பணத்தை எடுத்தது அவர் மனதில் பதியவே இல்லை. பதியாத ஒன்றை எத்தனை முறை கேட்டாலும், அடித்துக் கேட்டாலும், அவரால் எடுத்துத் தர முடியாது.

உங்கள் பக்கத்து வலைகளில் சில நேரம் கடல்குதிரை சிக்குமே, அதே வடிவத்தில் மூளையின் ஆழத்தில், இரண்டு காதுகளுக்கும் உள்பக்கமாக ஒரு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற அதன் பெயரே கடல்குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான். இப்போது நடப்பதை நாளைக்கும் நினைவில் இருக்கும்படி பதிய வைப்பது அதன் வேலை. ரத்தத்தில் மது வேகமாக ஏறும்போது, பதிவுக்குத் தேவையான சமிக்ஞைகளை அந்த மது தடுக்கிறது. நரம்பு செல்களை அடக்கும் சமிக்ஞைகளைக் கூட்டுகிறது. பதிவு நின்றுபோகிறது. மூளையின் மற்ற பகுதிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பைக் ஓட்டுவதும், சாப்பிடுவதும், பழகிய வீட்டில் நடமாடுவதும் எப்போதோ பதிந்துபோன பழக்கங்கள். அவற்றுக்குப் புதிய பதிவு தேவையில்லை. இரண்டொரு நிமிடத்துக்கு முன் நடந்ததும் மனதில் நிற்கும். அதனால்தான் பேச்சுக்குப் பேச்சு சரியாகப் பதில் சொல்வார். பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

1970-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கூட்வின், அதிகமாகக் குடிப்பவர்களுக்கு மருத்துவமனையிலேயே மது கொடுத்து இதைச் சோதித்துப் பார்த்தார். நினைவு அறுந்த நிலையில் இருந்தவர்கள், காட்டிய பொருளை இரண்டு நிமிடம் கழித்துச் சரியாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது, அப்படி ஒன்றைக் காட்டியதே அவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் நீங்களும் இதைக் கவனிக்கலாம். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்கொரு முறை கேட்டாலோ, சொன்ன கதையையே புதிதாகச் சொல்வதுபோல் திரும்பச் சொன்னாலோ, பதிவு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாங்கும் சத்தியத்துக்கும் போடும் சண்டைக்கும் பயனில்லை. காலையில் அது உங்களுக்கு மட்டும்தான் நினைவிருக்கும்.

சிலருக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் போகும். "வலைக்கு அடியில் வச்சீங்களே" என்று எடுத்துக் கொடுத்தால், "ஆமா, அங்க குனிஞ்சது லேசா ஞாபகம் வருது" என்பார்கள். உங்கள் கணவருக்குப் பணம் கையில் கிடைத்த பிறகும் எதுவும் வரவில்லை என்றால், அந்த மணி நேரங்கள் முழுவதுமாகப் போய்விட்டன. இரண்டில் இதுதான் கடுமையானது.

இனி அளவைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் ஏறும். நினைவு அறுவது பெரும்பாலும் 160 வாக்கில் தொடங்குகிறது. வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30. இரவு ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் இரண்டு குவார்ட்டர் முடிந்தால் 270 வாக்கில் நிற்கும். அதே அளவைச் சாப்பிட்டுவிட்டு, நாலைந்து மணி நேரம் இழுத்துக் குடித்தால் அவ்வளவு ஏறாது. மொத்த அளவோடு ஏறும் வேகமும் சேர்ந்துதான் நினைவை அறுக்கிறது. கடலிலிருந்து களைத்து வந்து, சாப்பிடாமல், கட்டிங்கை ஒரே மூச்சில் இறக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவது இதனால்தான். தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவைக்கும் சளி மருந்தோ கூடச் சேர்ந்தால் குறைந்த மதுவிலேயே வந்துவிடும், மூச்சும் மந்தமாகும். அவர் ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்று பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி "தள்ளாடக்கூட இல்லை" என்பதுதான். அவ்வளவு மது ஏறியும் கால் தடுமாறவில்லை என்றால், உடம்பு குடிக்குப் பழகிவிட்டது. கால் பழகிய அளவுக்கு நினைவுப் பகுதி பழகுவதில்லை. குடிக்கு அடிமையாகாதவர்களுக்கும் இப்படி நினைவு அறுவதுண்டு. இதை மட்டும் வைத்து அவரை அடிமை என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் நிதானமாகத் தெரிவதும் நினைவு அறுவதும் சேர்ந்து மூன்று முறை நடந்திருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆபத்தை எடைபோடும் மூளைப் பகுதியும் அந்நேரம் மங்கியிருக்கும். அந்த நிலையில்தான் அவர் பைக் ஓட்டி வந்திருக்கிறார்.

விடிந்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ரத்தத்தில் மது மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம்தான் குறையும். எட்டரைக்கு 270 என்றால், காலை ஐந்து மணிக்கு அவர் ஜெட்டிக்குப் புறப்படும்போது இன்னும் 100-க்குக் குறையாமல் இருக்கும். குளித்தாலும் கட்டங்காப்பி குடித்தாலும் இது வேகமாகக் குறையாது. ஓடும் விசைப்படகின் ஓரத்தில் நின்று வலை இறக்கும் ஆளுக்கு அந்த அளவு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் அவர் படகேற வேண்டாம்.

குடித்த இரவில் விவாதம் வேண்டாம். பைக் சாவியை வாங்கி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும், வலிப்பு வந்திருந்தாலும், குடிக்காத நாளிலும் நினைவு தப்பினாலும் அது வேறு நோயாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பேசுவதற்கு அவர் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரம்தான் சரி. "பொய் சொல்றீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்தார், பணம் எங்கே கிடைத்தது என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் சொல்வதை வைத்து அவரே அந்த இடைவெளியை நிரப்பியிருப்பார். உண்மையைக் கேட்டதும் பலர் பயந்துபோகிறார்கள். மருத்துவரைப் பார்க்கச் சம்மதிப்பதும் அந்தப் பயத்தில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் குடிப்பழக்கக் கேள்வித்தாளில் உள்ள பத்துக் கேள்விகளில் ஒன்றே, முந்தைய இரவு நடந்தது நினைவில்லாமல் போனது எத்தனை முறை என்பதுதான். மூன்று சம்பவங்களையும் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். காலையில் கை நடுங்கினாலோ, தினமும் குடிக்கும் நிலைக்கு வந்திருந்தாலோ, ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் வரக்கூடும். மருந்தின் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அடுத்தது, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்து. அவற்றில் சிலவற்றில், குடியை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் இருக்கும். அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் கேளுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். அவர் வரச் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம்.