கூடை வந்தாலே ஆர்டர் ஆகிவிடாது

"டர்பனில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டலாக் போட்டும் குழப்பம். போன சனிக்கிழமை ஒருவர் கேக் வாங்க வந்து நிற்கிறார், நான் செய்யவே இல்லை."

சகோதரி, வாடிக்கையாளர் கேட்டலாக்கில் தேர்ந்தெடுத்து அனுப்பும் கூடையில் பொருளும் எண்ணிக்கையும்தான் வரும். எந்த நாளுக்கு என்று அது கேட்காது. தானாகப் போகும் வாழ்த்துச் செய்தியில் கேட்டுவிடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது புதியவருக்கும், 14 நாள் பேசாமல் இருந்தவருக்கும்தான் போகும். போன வாரம் வாங்கியவருக்குப் போகாது. அதனால் Quick replies பகுதியில் ஒரு பதிலைச் சேமித்து வையுங்கள். நான் `/order` என்று அடித்தால் இது வரும்:

"எந்த நாள், எத்தனை மணிக்கு? முட்டை போடலாமா? கேக் மேல் என்ன எழுத? பாதிப் பணம் வந்ததும் உறுதி செய்கிறேன்."

முட்டைக் கேள்வியை விடாதீர்கள். புரட்டாசி விரதத்தில் முட்டை தொடாதவர்கள் இங்கே நிறைய.

பதில் வந்ததும் அந்த அரட்டைக்கு Pending payment லேபிள். 450 ராண்ட் கேக் என்றால் 225 முன்பணம். பணம் கட்டிய ரசீது என்று படம் அனுப்புவார்கள். அதை நம்பி ஒரு முறை கேக் சுட்டேன், பணம் வரவே இல்லை. உங்கள் வங்கிச் செயலியில் தொகையைப் பார்த்த பிறகே Paid என்று மாற்றுங்கள். வேறு வங்கியிலிருந்து சாதாரண இஎஃப்டி வர அடுத்த வேலை நாள்கூட ஆகலாம். அதனால்தான் சனிக்கிழமை கேக்குக்கு என்னிடம் புதன் இரவே கடைசி. வெள்ளி காலையில் Paid லேபிளைத் திறந்து, அதில் இருப்பதை மட்டும் நோட்டில் எழுதி, அப்புறம்தான் வெண்ணெய் வாங்கப் போவேன்.