ஓடி வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

கேள்வி: துணிக்கடை, நகைக்கடை எதற்குள் நுழைந்தாலும் நாலு பேர் ஓடி வந்து "வாங்க மேடம், என்ன பாக்குறீங்க?" என்கிறார்கள். எனக்கு வாய் அடைத்துப் போகிறது. "சும்மா பாக்க வந்தேன்" என்று முணுமுணுத்தால் பின்னாலேயே வருகிறார்கள். பாதி நாள் எதுவும் வாங்காமல் திரும்பிவிடுகிறேன். கூச்சமில்லாமல் எப்படிப் பேசுவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஓடி வருகிறார்கள் அல்லவா, ஏன் ஓடி வருகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். அது புரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

பெரிய கடைகளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மேனேஜர் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே வந்தவரை யாரும் கவனிக்காமல் விட்டால் திட்டு விழுவது பக்கத்தில் நின்ற பெண்ணுக்குத்தான். பல கடைகளில் யார் காட்டி விற்றார்களோ அவர்கள் எண் பில்லில் ஏறும், அதை வைத்து மாதக் கடைசியில் இன்சென்டிவ் கிடைக்கும். ஆக, உங்கள் பணப்பையை எடைபோட அவர் ஓடி வரவில்லை. உங்களை எந்தப் பிரிவுக்கு அழைத்துப் போவது என்று தெரிந்தால் அவர் வேலை தொடங்கிவிடும். "என்ன பாக்குறீங்க?" என்பதற்கு அவ்வளவுதான் பொருள்.

அதனால் "சும்மா பாக்க வந்தேன்" என்ற பதில் அவருக்கு உதவாது. உங்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, எதையும் எடுத்துக் காட்டவும் முடியாது. மேனேஜர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உங்கள் பின்னால் நடப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் அவரை விடுவிக்கிற மாதிரி சொல்லுங்கள்: "இந்த வரிசையை முதல்ல நானே பாத்துக்கறேன்ங்க. பிடிச்சா உங்களைத்தான் கூப்பிடுவேன், உங்க பேர் என்ன?" பேரைக் கேட்டுவிட்டால் அந்த விற்பனை தன் கையை விட்டுப் போகாது என்று அவருக்குத் தெரியும், நிம்மதியாகத் தள்ளி நிற்பார். பிடித்தது கிடைத்தால் அவரையே கூப்பிடுங்கள். வேறு ஒருவரிடம் பில் போட்டுக்கொண்டு போவது சரியில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் என்ன பொருள், எதற்கு, எவ்வளவுக்குள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். "பட்டுப் புடவை, தங்கச்சி நிச்சயத்துக்கு, பத்தாயிரத்துக்குள்ள." விலையைச் சொன்னால் ஏமாற்றிவிடுவார்கள் என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். சொல்லாவிட்டால்தான் இருபதாயிரத்தில் தொடங்குவார்கள், அதைப் பார்த்த கண்ணுக்குப் பத்தாயிரம் பிடிக்காது. நீங்கள் சொன்ன பிறகும் முதல் புடவை கொஞ்சம் மேலே போய்த்தான் வரும். "இதைக் காட்ட வேண்டாம்ங்க, பத்துக்குள்ளயே எடுங்க" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும், நாலு புடவை பார்த்த பிறகு அல்ல.

உங்களை உண்மையில் சிக்க வைப்பது பிரித்துப் போட்ட குவியல். இருபது புடவையைப் பிரித்துக் காட்டிவிட்டாரே, எப்படி வெறும் கையோடு எழுந்திருப்பது என்ற சங்கடத்தில் பிடிக்காததை வாங்கி வந்தவர்கள் நிறைய. அதற்கு வழி இருக்கிறது. "முழுசாப் பிரிக்க வேண்டாம், முந்தியும் கரையும் மட்டும் காட்டுங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் வரும் பட்டுப் புடவையை ஜரிகை முறியாமல் திரும்ப மடிப்பது சின்ன வேலை இல்லை. வேண்டாம் என்று பட்டதை அந்த நிமிடமே மடிக்கச் சொல்லிவிட்டு, மூன்றுக்கு மேல் முன்னால் தேங்க விடாதீர்கள். ஒன்றும் பிடிக்காவிட்டால் காரணத்தோடு சொல்லிவிட்டு எழுந்திருங்கள்: "நான் தேடற கத்தரிப்பூ கலர் இதுல இல்லைங்க." ஏன் விட்டாய் என்று மேனேஜர் கேட்டால் சொல்ல அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

நகைக்கடையில் இன்னொரு சங்கடம். உட்கார வைத்து, காபியோ ஜூஸோ கொடுத்துவிட்டு, "எத்தனை பவுன்ல பாக்குறீங்க?" என்பார்கள். காபி குடித்ததற்காக நகை வாங்க வேண்டியதில்லை. கேள்விக்குப் பதில் கிராமில் சொல்லுங்கள், அதோடு சேதாரத்தையும் கேளுங்கள்: "பதினாறு கிராமுக்குள்ள செயின், சேதாரம் குறைவா இருக்கற டிசைன் காட்டுங்க." இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு பவுன், அதாவது 16 கிராம் செயின். சேதாரம் 8 சதவீதம் என்றால் 1.28 கிராமுக்குக் கூடுதலாகப் பணம் கட்டுவீர்கள். அதே எடையில் வேலைப்பாடு அதிகமுள்ள டிசைனுக்கு 18 சதவீதம் போட்டால் 2.88 கிராம். வித்தியாசம் 1.6 கிராம், கழுத்தில் ஏறாத தங்கம். முதல் வாக்கியத்திலேயே சேதாரத்தைக் கேட்கிறவரிடம் காட்டும் தட்டே வேறாக இருக்கும். பிடித்த பிறகு கேட்டால் பேரம் பேச மனசு வராது.

அப்புறம், பேச்சில் மரியாதை. வயதில் சின்னவராக இருந்தாலும் "வா, எடு, காட்டு" வேண்டாம். "எடுங்கம்மா", "காட்டுங்க தம்பி" என்று சொன்னால் போதும். கூச்சப்படுகிறவர்கள் சில நேரம் அதை மறைக்க அதிகாரமாகப் பேசிவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு உங்கள் கூச்சம் தெரியாது, அதிகாரம்தான் தெரியும்.

இனி நான் இந்தப் பக்கத்தில் அடிக்கடி கிளப்பும் விஷயம். நகைக்கடையில் உங்களுக்கு நாற்காலி போட்ட அந்தப் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். உட்காரும் உரிமைக்காகக் கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடினார்கள். கோழிக்கோட்டில் விஜி என்ற பெண் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு அதை முன்னெடுத்தது. 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்று வைத்திருக்கும் கடைகள் இந்தச் சட்டத்தை மீறுகின்றன. உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்பதுதான் முதலாளிகள் சொல்லும் சாக்கு. நம் பெயரைச் சொல்லித்தான் நிற்க வைக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் காஞ்சிபுரத்திலும் பழைய பட்டுக் கடைகளில் தரையில் மெத்தை விரித்திருக்கும். வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார், காட்டுகிறவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். அங்கே யாரும் ஓடி வருவதில்லை, பேச்சும் நிதானமாகவே நடக்கும். உங்களுக்குக் கூச்சம் விலகும்வரை முதலில் அப்படிப்பட்ட ஒரு கடைக்குப் போய்ப் பேசிப் பழகலாம்.

பெரிய கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பில் போடும்போது மேனேஜரிடமே கேளுங்கள்: "இவங்க உக்கார ஏன் எதுவும் போடலைங்க?" என்ன பதில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.